காதுக்கு எழுதுவது: தினசரிச் செய்தி பாட்காஸ்ட்டின் ஸ்கிரிப்ட்டை எப்படித் தயாரிப்பது

அச்சுத் தமிழில் ஒரு செய்தி எப்படி முடியும் என்று கவனித்திருப்பீர்கள். "... என்று அமைச்சர் தெரிவித்தார்." யார் சொன்னது என்பது வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். கண்ணால் படிக்கும்போது இது தொந்தரவே இல்லை. படிப்பவர் ஒரே பார்வையில் வாக்கியத்தின் இரண்டு முனைகளையும் பார்த்துவிடுகிறார். காதால் கேட்பவருக்கு அந்த வசதி கிடையாது. நீங்கள் "என்று" சொல்லும்வரை, வந்த ஒவ்வொரு சொல்லையும் நீங்களே உறுதியாகச் சொல்கிறீர்கள் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். "என்று" வரும் நேரத்தில் பேருந்தில் ஹாரன் அடித்துவிட்டால், ஒரு கட்சிக்காரரின் குற்றச்சாட்டு உங்கள் வாயிலிருந்து வந்த உண்மையாக அவர் மனதில் நின்றுவிடும்.

தினசரிச் செய்தி பாட்காஸ்ட்டுக்கு எழுத வருபவர்கள் தடுமாறும் இடங்களில் பாதி இந்த ஒன்றிலிருந்துதான் தொடங்குகிறது. அதனால் இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு எபிசோடை எடுத்துக்கொண்டு, அதன் ஸ்கிரிப்ட்டை முதலிலிருந்து கடைசிவரை எழுதிப் பார்க்கப்போகிறோம். ஆறு நிமிடம், மூன்று செய்திகள், ஒரே குரல். செய்திகள் மூன்றும் பயிற்சிக்காக நானே எழுதியவை.

முதலில் உங்கள் வேகத்தை அளந்துகொள்ளுங்கள்

நிமிடத்துக்கு 150 சொல் என்ற கணக்கை எங்காவது படித்திருக்கலாம். அது ஆங்கிலத்துக்கானது. தமிழில் வேற்றுமை உருபும் விகுதியும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் ஒரு சொல்லே நீளமாக இருக்கும். "வந்துகொண்டிருந்தவர்களுக்கு" என்பது நமக்கு ஒரு சொல். அதனால் கணக்கைக் கடன் வாங்காமல் நீங்களே அளந்துவிடுங்கள். பேச்சு நடையில் எழுதிய ஒரு பக்கத்தை, எதிரே ஒருவர் உட்கார்ந்திருப்பதுபோல் நிதானமாகப் படித்துக் கைபேசியில் பதிவுசெய்யுங்கள். சரியாக ஒரு நிமிடத்தில் நிறுத்தி, சொற்களை எண்ணுங்கள். எனக்கு ஏறத்தாழ 110 வரும்.

அந்தக் கணக்கில் ஆறு நிமிடத்துக்கு 660 சொற்கள். இசைக்கும் மூச்சுக்கும் இடைவெளிக்கும் 60 சொல்லைக் கழித்துவிட்டால் கையில் இருப்பது 600தான். முதல் செய்திக்கு 300, இரண்டாவதுக்கு 150, மூன்றாவதுக்கு 60 என்று ஒதுக்குவேன். மிச்சமுள்ள 90 சொல்லில் தொடக்கம், இணைப்பு வாக்கியங்கள், முடிப்பு மூன்றும் அடங்க வேண்டும். மூன்று செய்திக்கும் சமமாக 200 கொடுத்தால் எபிசோட் பட்டியல் வாசிப்பதுபோல் ஆகிவிடும். ஒன்றை விளக்கிச் சொல்லி, மற்றவற்றைச் சுருக்கித் தந்தால்தான் கேட்பவருக்கு அன்றைக்கு ஏதாவது நினைவில் நிற்கும்.

எந்தத் தமிழில் பேசப்போகிறீர்கள்?

இதை முதல் எபிசோடுக்கு முன்பே முடிவுசெய்துவிடுங்கள். "தண்ணீர் வருகிறது" என்பதா, "தண்ணி வருது" என்பதா? இரண்டுமே சரி. ஆனால் ஒரு வாக்கியத்தில் "வருகிறது", அடுத்ததில் "சொல்லுது" என்று மாறிமாறி வந்தால், படிப்பவர் எங்கே தாளைப் பார்க்கிறார், எங்கே சொந்தமாகப் பேசுகிறார் என்பது கேட்பவருக்குத் தெரிந்துவிடும். நான் பின்பற்றும் வழி இது: வினைச்சொல்லும் இணைப்புச் சொல்லும் பேச்சு வடிவத்தில், பெயர்ச்சொல்லும் துறைச் சொல்லும் முழு வடிவத்தில். "வாரியம் அறிக்கை வெளியிட்டிருக்கு", "நீதிமன்றம் தடை விதிச்சிருக்கு." இப்படி எழுதினால் பேச்சும் இயல்பாக இருக்கும், செய்தியின் தெளிவும் கெடாது. ஒரு வட்டாரத்துக்கு மட்டுமே தெரிந்த சொற்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

முடிவுசெய்த வடிவத்தில்தான் தாளிலும் எழுத வேண்டும். எழுத்து நடையில் எழுதிவைத்துவிட்டு, மைக் முன்னால் பேச்சுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். படித்துக்கொண்டே மாற்றும்போது மூளை இரண்டு வேலை செய்கிறது. அர்த்தத்தில் கவனம் போகாமல் குரல் தட்டையாகிவிடும். "சொல்லியிருக்காங்க" என்று பேசப்போகிறீர்கள் என்றால் "சொல்லியிருக்காங்க" என்றே எழுதுங்கள்.

கையில் வந்த செய்தி

சரி, இதுதான் முதல் செய்தி. அச்சில் இப்படி வந்திருக்கிறது:

"நகரின் வடக்குப் பகுதியில் உள்ள பிரதான குடிநீர்க் குழாயில் ஏற்பட்ட உடைப்பைச் சரிசெய்யும் பணிகள் நடைபெற்றுவருவதால், 14 வார்டுகளைச் சேர்ந்த 2,87,400 பேருக்கு வரும் வியாழக்கிழமை வரை குடிநீர் விநியோகம் ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டுமே மேற்கொள்ளப்படும் என்று குடிநீர் வாரியத் தலைமைப் பொறியாளர் தெரிவித்துள்ளார். இக்குழாய் கடந்த ஓராண்டாகவே கசிந்துவந்ததாகக் கூறப்படுகிறது."

இதை இரண்டு முறை படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வையுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் வாயால் சொல்லுங்கள். ஆள் இல்லையென்றால் கைபேசியிடம் சொல்லுங்கள். பெரும்பாலானோர் இப்படித்தான் சொல்வார்கள்: "வடக்குப் பக்கம் ஒரு பெரிய குழாய் உடைஞ்சுபோச்சாம். வியாழக்கிழமை வரைக்கும் தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்தான்." நீங்கள் எதை முதலில் சொன்னீர்கள், எதை விட்டுவிட்டீர்கள் என்று பாருங்கள். வாயில் தானாக வந்த வரிசைதான் ஸ்கிரிப்ட்டின் எலும்புக்கூடு. "ஏற்பட்ட உடைப்பைச் சரிசெய்யும் பணிகள் நடைபெற்றுவருவதால்" என்று யாரும் வாயால் சொல்வதில்லை. பெயரெச்சங்களை இப்படி அடுக்கினால், எதைப் பற்றிய பேச்சு என்று தெரியும்வரை கேட்பவர் அத்தனையையும் தலையில் சுமக்க வேண்டியிருக்கும்.

ஆனால் அந்த வாய்ப்பேச்சில் ஒரு சிறு சொல் ஒட்டிக்கொண்டு வந்ததைக் கவனித்தீர்களா? "உடைஞ்சுபோச்சாம்." அந்த "ஆம்" விகுதிதான் அடுத்த படி.

யார் சொன்னது என்பதை வாயால் சொல்வது

தமிழில் "ஆம்" ஒரு அழகான வசதி. நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டேன் என்பதை ஒரே எழுத்தசையில் சொல்லிவிடலாம். திண்ணைப் பேச்சுக்குப் பொருத்தமான அதே வசதி, செய்திக்கு ஆபத்து. "விலை ஏறுமாம்" என்றால் யாரிடம் கேள்விப்பட்டீர்கள் என்பது மறைந்துபோகிறது. போதாக்குறைக்கு, சொல்பவரே அதை முழுதாக நம்பவில்லை என்ற தொனியும் சில நேரம் சேர்ந்துவிடுகிறது. அச்சில் "கூறப்படுகிறது", "தெரிகிறது", "சொல்லப்படுகிறது" ஆகியவை செய்யும் வேலையும் இதுதான். உங்கள் ஸ்கிரிப்ட்டில் இவற்றில் எது வந்தாலும் பேனாவால் வட்டம் போட்டு, பக்கத்தில் "யார்?" என்று எழுதுங்கள். பதில் கிடைத்தால் அந்த ஆளை வாக்கியத்துக்குள் கொண்டுவாருங்கள். கிடைக்காவிட்டால் அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள்.

நம் செய்தியில் "கசிந்துவந்ததாகக் கூறப்படுகிறது" என்ற இடத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அந்தப் பகுதிக்காரர்கள் இரண்டு பேரிடம் பேசினீர்கள், ஒருவர் போன வருடம் கொடுத்த புகாரின் ரசீதைக் காட்டினார், வாரியத்திடம் கேட்டும் பதில் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். இப்போது உங்களிடம் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன: ஆட்கள் சொன்னது, ஆவணம் சொல்வது, பதில் வராதது. மூன்றையும் மூன்று வாக்கியங்களாகச் சொல்ல வேண்டும். ஒன்றாகக் குழைத்துவிட்டால் எதன் பலம் எவ்வளவு என்பது கேட்பவருக்குத் தெரியாமல் போகும்.

அடுத்து, ஆதாரம் எந்த இடத்தில் வர வேண்டும். இங்கே நான் இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்வேன். ஒரு அமைப்பு தன் கையில் உள்ள ஒன்றைப் பற்றித் தானே அறிவித்தால், செய்தியை முதலில் சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்திலேயே ஆதாரத்தைச் சொல்லலாம். தண்ணீர் எந்த நாள் விடுவது என்று முடிவெடுப்பது வாரியம்தானே. ஆனால் மறுக்கப்படக்கூடிய எதுவும், அதாவது குற்றச்சாட்டு, காரணம், பழி, மதிப்பீடு, கணிப்பு ஆகியவை, சொன்னவரை முன்னால் நிறுத்திவிட்டுத்தான் வர வேண்டும். "குழாய் ஒரு வருஷமா கசிஞ்சுது என்று அங்கே குடியிருப்பவர்கள் சொல்றாங்க" என்பதைவிட, "அங்கே குடியிருக்கிற ரெண்டு பேர்கிட்ட பேசினோம். அவங்க சொல்றது இது: குழாய் ஒரு வருஷமாவே கசிஞ்சுக்கிட்டிருந்தது" என்பது பாதுகாப்பானது. "அவங்க சொல்றது இது" என்ற சின்ன நிறுத்தம் அச்சில் மேற்கோள் குறி செய்யும் வேலையைக் காதுக்குச் செய்கிறது.

நேர்க்கூற்றில் இன்னொரு பள்ளம் உண்டு. "நான் பதவி விலகமாட்டேன் என்று அவர் சொன்னார்" என்று நீங்கள் படித்தால், முதல் மூன்று சொல்லுக்கு "நான்" என்பது நீங்கள்தான். அயற்கூற்றாக மாற்றுங்கள்: "தான் பதவி விலகப்போறதில்லைன்னு அவர் சொல்லியிருக்கார்." அவருடைய சொற்களே முக்கியம் என்றால் முன்னறிவிப்புக் கொடுங்கள்: "அவர் சொன்ன வார்த்தைகள் அப்படியே இதோ." பிறகு அரை நொடி இடைவெளி, அப்புறம் மேற்கோள். அறிக்கையிலிருந்து வரும் மேற்கோளை மட்டும் பேச்சு நடைக்கு மாற்றாதீர்கள். அது எழுத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியேதான் படிக்க வேண்டும்.

வினைச்சொல்லையும் சும்மா மாற்றிமாற்றிப் போடக் கூடாது. பள்ளிக்கூடக் கட்டுரையில் ஒரே சொல்லைத் திரும்ப எழுதாதே என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பழக்கத்தில் "சொன்னார்" என்று இருமுறை வந்ததும் மூன்றாவதை "ஒப்புக்கொண்டார்" என்று மாற்றிவிடுகிறோம். "ஒப்புக்கொண்டார்" என்றால் அதுவரை மறைத்துவந்தார் என்று பொருள். "சுட்டிக்காட்டினார்" என்றால் அவர் சொன்னது உண்மை என்று நீங்களே சான்று தருகிறீர்கள். "மழுப்பினார்" என்றால் தீர்ப்பே எழுதிவிட்டீர்கள். "சொன்னார்" பத்து முறை வந்தாலும் காது அதைப் பொருட்படுத்தாது. அது எந்தப் பக்கமும் சாயாத சொல்.

ஆதாரத்தோடு சேர்ந்து சொல்ல வேண்டியவை இன்னும் இரண்டு: எப்போது, எந்த வழியாக. "வாரியம் சொல்லியிருக்கு" என்பது போதாது. "நேத்து சாயங்காலம் வாரியம் வெளியிட்ட அறிக்கையில" என்றால் நேரமும் வழியும் வந்துவிட்டன. வேறொரு செய்தி நிறுவனம் கண்டுபிடித்ததை எடுத்துச் சொல்கிறீர்கள் என்றால் அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லுங்கள், நீங்கள் தனியாகச் சரிபார்த்தீர்களா என்பதையும் சொல்லுங்கள். இணைப்பை எபிசோட் குறிப்பில் போட்டுவிட்டேன் என்பது இதற்கு ஈடாகாது. நடந்துகொண்டே கேட்பவர் குறிப்பைத் திறந்து பார்ப்பதில்லை.

இப்போது எழுதலாம்

மேலே சொன்னதையெல்லாம் சேர்த்தால் முதல் செய்தி இப்படி வரும்:

> நகரத்தோட வடக்குப் பக்கம் இருக்கீங்கன்னா, இதைக் கேட்டுக்கோங்க.
> வியாழக்கிழமை வரைக்கும் உங்க குழாயில தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும்.
> நேத்து சாயங்காலம் குடிநீர் வாரியம் ஓர் அறிக்கை வெளியிட்டுது. அதுல தலைமைப் பொறியாளர் இதைச் சொல்லியிருக்கார்.
> காரணம், பிரதான குழாய் ஒண்ணு உடைஞ்சிருக்கு. அதைச் சரிசெய்யுற வேலை நடக்குது.
> பதினாலு வார்டு. கிட்டத்தட்ட மூணு லட்சம் பேர்.
> வாரியம் சொல்றது இவ்வளவுதான்.
> ஆனா, இந்தக் குழாய்ல நேத்துதான் பிரச்சினை வந்துதா?
> அந்தப் பகுதியில குடியிருக்கிற ரெண்டு பேர்கிட்ட பேசினோம். அவங்க சொல்றது வேற. ஒரு வருஷமாவே தண்ணி கசிஞ்சுக்கிட்டிருந்ததுன்னு சொல்றாங்க.
> அதுல ஒருத்தர், போன வருஷம் வாரியத்துக்குப் புகார் கொடுத்த ரசீதைக் காட்டினார். அதை நாங்க பார்த்தோம்.
> அந்தப் புகாருக்கு என்ன ஆச்சுன்னு வாரியத்துக்கிட்ட கேட்டோம். இதைப் பதிவுசெய்யுற வரைக்கும் பதில் வரலை.

இது நூறு சொல்லுக்குள்தான். மீதி இருநூறில், எந்த வார்டுக்கு எந்த நாள், லாரியில் தண்ணீர் வருமா, பழுது ஏன் இத்தனை நாள் எடுக்கிறது என்பதையெல்லாம் விளக்கலாம். இந்தத் துண்டில் ஒரு வரியை மட்டும் நெருங்கிப் பாருங்கள்: "வாரியம் சொல்றது இவ்வளவுதான்." அச்சில் இதற்குத் தேவையே இல்லை. காதுக்கு இது ஒரு வேலி. இதுவரை வந்தது வாரியத்தின் வார்த்தை, இனி வருவது வேறு ஆளுடையது என்று கேட்பவருக்குத் தெரிகிறது. அந்த வரியை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள், கசிவைப் பற்றியும் வாரியமே சொன்னதுபோல் கேட்கும்.

ரசீதைப் பற்றிய வரியிலும் ஒரு எல்லை இருக்கிறது. அது புகார் கொடுக்கப்பட்டதைத்தான் நிரூபிக்கிறது. குழாய் கசிந்ததை அது நிரூபிக்காது. அதனால்தான் "ரசீது இதை உறுதிப்படுத்துது" என்று எழுதவில்லை.

2,87,400 எப்படி "கிட்டத்தட்ட மூணு லட்சம்" ஆனது என்று கேட்கலாம். காது ஒரு வாக்கியத்தில் ஒரு எண்ணைத்தான் பிடிக்கும், அதுவும் லட்சம், ஆயிரம் என்று தோராயமாக முழுதாக்கிய எண்ணாக இருந்தால்தான். ஸ்கிரிப்ட்டில் எண்களை எழுத்தால் எழுதுங்கள். இலக்கமாக இருந்தால் மைக் முன்னால் சுழியத்தை எண்ணிக்கொண்டு நிற்க வேண்டிவரும். தொண்ணூறு என்பதில் "நூறு" ஒலிப்பதால் அவசரத்தில் கேட்பவர் நூறு என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த எண் முக்கியம் என்றால், "தொண்ணூறு பேர், அதாவது நூறுக்குப் பத்துக் குறைவு" என்று ஒருமுறை தெளிவாக்கிவிடுங்கள். "வரும் வியாழக்கிழமை" என்பதும் குழப்பம்தான். எபிசோடை மறுநாள் கேட்பவரும் இருப்பார். பதிவுசெய்வதற்கு முன் தேதியையும் சேர்த்துவிடுங்கள்.

ஒரு செய்தியிலிருந்து அடுத்ததற்கு

நம் இரண்டாவது செய்தி ஒரு கிடங்கில் நடந்த தீ விபத்து. இறந்தவர்கள் இரண்டு பேர் என்கிறது தீயணைப்புத் துறை. சில செய்தி நிறுவனங்கள் மூன்று என்கின்றன. மூன்றாவது, பொது நூலகம் இனி இரவு பத்து மணிவரை திறந்திருக்கும் என்ற அறிவிப்பு.

தண்ணீரிலிருந்து தீக்கு எப்படிப் போவீர்கள்? என்னிடம் எழுதப் பழகிய ஒரு தம்பி இதேபோன்ற வரிசை ஒன்றுக்கு, "தண்ணியிலேருந்து நெருப்புக்குப் போவோம்" என்று எழுதியிருந்தார். கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. இரண்டையும் எப்படியாவது கோத்துவிட வேண்டும் என்ற கவலைதான். ஆனால் அந்தத் தீயில் ஒருவர் இறந்திருந்து, அந்த எபிசோடை அவருடைய வீட்டார் கேட்டால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். அவரே உடனே அடித்துவிட்டார். சொல்விளையாட்டால் ஆன இணைப்பு எழுதுபவருக்குத்தான் இனிக்கும். கேட்பவருக்கு அது எந்தத் தகவலையும் தருவதில்லை.

இணைப்பு வாக்கியத்துக்கு இரண்டே வேலைகள். முந்தையது முடிந்தது என்று சொல்வது, அடுத்தது எதைப் பற்றியது என்று சொல்வது. அச்சில் தலைப்பும் இடைவெளியும் இதைச் செய்துவிடும். ஒலியில் உங்கள் வாக்கியம்தான் செய்ய வேண்டும். முதல் வேலையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். முந்தைய செய்தியைக் கதவு சாத்துவதுபோல் ஒரு குறுவாக்கியத்தால் மூடுங்கள்: "வாரியத்துக்கிட்டேருந்து பதில் வந்தா, நாளைக்கு சொல்றோம்." கேட்பவருக்கு அது முடிந்துவிட்டது என்று தெரியும்.

இரண்டு செய்திக்கும் உண்மையான தொடர்பு இருந்தால் பயன்படுத்துங்கள். குழாய்க்காகத் தோண்டிய சாலையில் பேருந்துத் தடம் மாறியிருந்தால், "அதே சாலையால இன்னொரு சிக்கலும் வந்திருக்கு" என்று தாராளமாகப் போகலாம். தொடர்பு இல்லாவிட்டால் இல்லை என்பதை ஒத்துக்கொண்டு நேராகப் போய்விடுவதுதான் மரியாதை. நம் எபிசோடுக்கு இப்படி எழுதுவேன்:

> வாரியத்துக்கிட்டேருந்து பதில் வந்தா, நாளைக்கு சொல்றோம்.
> (ஒரு மூச்சு)
> ரெண்டாவது செய்தி, நேத்து ராத்திரி நடந்த தீ விபத்து.
> ரெண்டு பேர் இறந்திருக்காங்க. இது தீயணைப்புத் துறை இன்னைக்குக் காலையில ஆறு மணிக்குக் கொடுத்த தகவல்.
> மூணு பேர்னு சில செய்தி நிறுவனங்கள் போட்டிருக்கு. மூணாவது மரணத்தை எங்களால உறுதிப்படுத்த முடியலை.

"ரெண்டாவது செய்தி" என்று எண் சொல்வதில் கூச்சம் வேண்டாம். தொடக்கத்தில் "இன்னைக்கு மூணு விஷயம்" என்று சொல்லியிருந்தால், கேட்பவர் எங்கே இருக்கிறோம் என்பதை இந்த எண்ணை வைத்துத் தெரிந்துகொள்வார். அதேபோல், முதலில் இரண்டு என்று உறுதியானதைச் சொல்லிவிட்டுப் பிறகு மூன்றைச் சொன்னதையும் கவனியுங்கள். வரிசை மாறினால் பெரிய எண்தான் மனதில் தங்கும்.

மரணச் செய்தியிலிருந்து நூலகத்துக்குப் போவது இன்னும் கடினம். இங்கே வாக்கியத்தைவிட அமைதி உதவும். தீ விபத்துச் செய்தியைக் கடைசித் தகவலோடு முடித்து, இரண்டு நொடி சும்மா விட்டு, பிறகு வழக்கமான சிறு இசைத் துண்டு மூன்று நொடி. அப்புறம் குரலை ஒரு படி மட்டும் உயர்த்தி, "கடைசியா, நூலகத்துக்குப் போறவங்களுக்கு ஒரு தகவல்." உற்சாகமாக "சரி, இப்போ ஒரு நல்ல செய்தி!" என்று குதிக்காதீர்கள். அந்த இடத்தில் நல்ல செய்தி எது என்பதைக் கேட்பவரே தீர்மானித்துக்கொள்வார்.

செய்திக்குள்ளேயும் இணைப்புகள் உண்டு. "ஆனா", "அதனால", "இதுக்கு முன்னாடி" ஆகியவைதான் அவை. "மேலும்", "இந்நிலையில்", "இதனிடையே" மூன்றையும் தேடிப் பிடித்து நீக்குங்கள். "இந்நிலையில்" என்று வரும் இடத்தில் எந்த நிலையில் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. இரண்டு வாக்கியத்துக்கும் என்ன தொடர்பு என்று யோசித்து, "அதனால"வா "ஆனா"வா என்று முடிவெடுங்கள். முடிவெடுக்க முடியவில்லை என்றால் அந்த இரண்டு வாக்கியங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டியவையே இல்லை.

"அவர்" என்ற சொல்லும் கவனிக்க வேண்டியதுதான். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே "அவர்" என்பதால், செய்தியில் இரண்டு பேர் வந்துவிட்டால் யார் எவர் என்று தெரியாது. பொறியாளர், புகார் கொடுத்தவர் என்று பொறுப்பையே திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

தொடக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள்

மூன்று செய்தியும் எழுதி முடித்தபிறகுதான் எபிசோடின் முதல் வரிகளை எழுதுவேன். அதற்குள் எது கனமானது என்று தெரிந்துவிடும். 40 சொல் போதும்: இன்றைக்கு முக்கியமான ஒன்று, நிகழ்ச்சியின் பெயரும் உங்கள் பெயரும், கிழமையும் தேதியும், எத்தனை மணிக்குப் பதிவுசெய்கிறீர்கள் என்பது. காலை ஆறரைக்குப் பதிவுசெய்ததை ஒருவர் மாலை ஏழுக்குக் கேட்கலாம். அதற்குள் தீ விபத்தின் எண்ணிக்கை மாறியிருக்கலாம். "காலையில ஆறரை மணி நிலவரம் இது" என்ற ஒரு வரி உங்களையும் அவரையும் காப்பாற்றும்.

படித்துப் பார்த்தல்

ஸ்கிரிப்ட்டைப் பெரிய எழுத்தில், ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாக்கியம் பக்கத்தின் அடியில் தொடங்கி அடுத்த பக்கத்தில் முடியக் கூடாது. தாள் திருப்பும் இடத்தில் குரல் தொங்கும். பிறகு வாய்விட்டு, முழுக் குரலில் படியுங்கள். முணுமுணுத்துப் படித்தால் தப்பு தெரியாது. ஒரே மூச்சில் முடிக்க முடியாத வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். இரண்டு முறை நாக்கு தடுக்கிய இடத்தை மாற்றி எழுதுங்கள், மூன்றாவது முறை சரியாக வரும் என்று விடாதீர்கள். மைக் முன்னாலும் அங்கேதான் தடுக்கும். பழக்கமில்லாத பெயர்களை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று கேட்டு, அசை பிரித்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒருமுறை ஆதாரத்துக்காக மட்டும் படிப்பது என் வழக்கம். ஒரு நண்பரைக் கேட்க வைத்து, எந்த இடத்தில் நிறுத்தினாலும் "இப்போ சொன்னது யார் சொன்னது?" என்று கேட்பேன். அவர் யோசிக்காமல் பதில் சொல்ல வேண்டும். தயங்கினால் அந்த இடத்தில் ஒரு வேலி வரி குறைகிறது என்று பொருள். தனியாக வேலை செய்கிறீர்கள் என்றால் பதிவைக் கண்ணை மூடிக் கேட்டு, முப்பது நொடிக்கு ஒருமுறை நிறுத்தி உங்களையே கேட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவு பார்த்தும் தவறு நேரும். மறுநாள் இறந்தவர் எண்ணிக்கை மூன்றானால் அது தகவல் மாறியது. "நேத்து ரெண்டுன்னு சொன்னோம், இன்னைக்குக் காலையில தீயணைப்புத் துறை மூணுன்னு சொல்லியிருக்கு" என்று அந்தச் செய்தியோடு சேர்த்துச் சொன்னால் போதும். ஆனால் பதிமூன்று வார்டு என்று இருக்க வேண்டியதைப் பதினாலு என்று நீங்கள் சொல்லிவிட்டால் அது உங்கள் தவறு. அதை எபிசோடின் கடைசியில் ஒளித்துவைக்காமல், செய்திகளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்:

> ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு திருத்தம். நேத்து தண்ணீர் செய்தியில பதினாலு வார்டுன்னு சொன்னேன். பதிமூணுதான் சரி. வாரியத்தோட அறிக்கையில பதிமூணுன்னுதான் இருந்தது, நான்தான் தப்பாப் படிச்சுட்டேன். நேத்தைய எபிசோட்லயும் இதைச் சரிபண்ணியாச்சு.